பேக்கப் சொன்ன பிறகு ஒரு மணி நேரம் இருபது நிமிடம்

பெரும்பாறைக்கு நான் குடிவந்த புதிதில், மலைக்கு மேலே எங்காவது சினிமாப் படப்பிடிப்பு என்றால் ஊரே லாரிகளை எண்ணிக்கொண்டு நிற்கும். முதலில் ஜெனரேட்டர் வண்டி, பிறகு லைட் வண்டி, அப்புறம் சாப்பாட்டு வண்டி. 1991-இல் வந்த 'குணா' படத்துக்குப் பிறகு கொடைக்கானல் குகைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது நமக்கெல்லாம் தெரியும். அந்த லைட் வண்டியில் வருகிறவர்களுக்கு எப்படிச் சம்பளம் போடுகிறார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

2019-இல் ஒரு நாள் சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து வீட்டு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் சென்னையில் ஓர் அவுட்டோர் யூனிட்டில் லைட்மேனாக இருந்தான். நம் மலையிலேயே படப்பிடிப்பு முடிந்து, மறுநாள் காலை செட்டில்மென்ட். கையில் ஒரு தாள்.

"ஐயா, நீங்க ஆபீஸ்ல கணக்கெல்லாம் பார்த்தவங்க. கையெழுத்துப் போடலாமான்னு ஒரு பார்வை பாருங்க" என்றார் அந்த அம்மா.

தாளில் நான்கே வரி. கால்ஷீட் 13, தலா 1,000 ரூபாய், ஆக 13,000. பேட்டா 10 நாள், தலா 250, ஆக 2,500. மொத்தம் 15,500. முன்பணம் 5,000 கழித்து, பாக்கி 10,500. கீழே "இத்துடன் என் கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று அச்சடித்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டக் கட்டம் போட்டிருந்தது.

பெருக்கல், கூட்டல், கழித்தல் எதிலும் தப்பில்லை. முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அங்கேதான் சந்தேகம் வரும். கூட்டலில் ஏமாற்றுகிறவர் யாரும் இல்லை. பெருக்கப்படும் எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மஸ்டர் ரோல் சரிபார்க்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது ரூபாயை அல்ல, ஆள் நாட்களை.

"இந்த 13 எப்படி வந்தது, தம்பி?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் பாக்கெட்டில் ஒரு சின்ன டைரி இருந்தது. தினமும் வேலைக்கு நின்ற நேரமும் விட்ட நேரமும் எழுதியிருந்தான். அவனுடைய மூத்த லைட்மேன் ஒருவர் பழக்கிவிட்டதாம். அந்த டைரி இல்லாவிட்டால் நான் செய்ய ஒன்றுமே இருந்திருக்காது.

அந்த வேலைக்குப் பேசியிருந்த முறை இது. காலை 9 மணி முதல் மாலை 6 வரை ஒரு கால்ஷீட். 6-ஐத் தாண்டி இரவு 10 வரை போனால் ஒன்றரை. 10-ஐத் தாண்டினால் இரண்டு. சென்னையிலிருந்து வரும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் தலா அரை கால்ஷீட். பேட்டா எல்லா நாளுக்கும் உண்டு.

ஒரு வெள்ளைத்தாளில் நாள்வாரியாகக் கட்டம் போட்டோம். ஆறு மணிக்குள் முடிந்த நாள் ஐந்து, அதற்கு 5. இரவு பத்துக்குள் முடிந்தது மூன்று நாள், அதற்கு நாலரை. பத்தைத் தாண்டியது இரண்டு நாள், அதற்கு 4. இதுவே பதிமூன்றரை ஆகிவிட்டது. இது போக ஒரு நாள் மன்னவனூர் பக்கம் மூடுபனி விலகவே இல்லை. ஒன்பது மணிக்கே விளக்கெல்லாம் இறக்கி வைத்துக் காத்திருந்து, ஒரு ஷாட்கூட எடுக்காமல் இரண்டு மணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். அழைத்த நேரத்துக்கு ஆள் வந்து நின்றுவிட்டால் அது ஒரு கால்ஷீட். பனிக்கு லைட்மேன் பொறுப்பில்லை. பயணம் இரண்டு நாளுக்கு ஒன்று. ஆக மொத்தம் பதினைந்தரை. பேட்டா 13 நாள், 3,250. இரண்டும் சேர்ந்து 18,750.

தாளைவிட 3,250 ரூபாய் அதிகம். எங்கே போயிற்று என்று தேடினால் மூன்று இடம். பனி நாள் விட்டுப்போயிருந்தது. பயண நாட்கள் விட்டுப்போயிருந்தன. இந்த மூன்று நாட்களின் பேட்டாவும் கூடவே போயிற்று. மூன்றாவது இடம்தான் நுணுக்கமானது. பூம்பாறையில் ஓர் இரவு பத்து மணிக்கு இயக்குநர் 'பேக்கப்' சொல்லிவிட்டார். புரொடக்‌ஷன் நோட்டில் அதுவே முடிந்த நேரம், ஆகவே ஒன்றரை. ஆனால் நடிகர் காரில் ஏறிய பிறகுதான் லைட்மேனுக்கு வேலை. சூடான விளக்கை உடனே பெட்டியில் வைக்க முடியாது, ஆற வேண்டும். பனியில் நனைந்த கேபிளைத் துடைத்துச் சுற்றி வண்டியேற்றும்போது மணி 11.20. அப்படியானால் இரண்டு.

"அதுக்கு அவங்ககிட்ட எழுத்து இல்லையே ஐயா" என்றான். "ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு அணைத்தார்கள்?" என்று கேட்டேன். டீசல் கணக்குக்காக ஜெனரேட்டர் ஆபரேட்டர் ஓடிய நேரத்தைத் தினமும் குறித்துவைப்பார். அந்த நோட்டில் இருக்கும் என்றான். போதும். நம் டைரியை மறுக்கலாம். அவர்களே டீசலுக்குப் பணம் கொடுத்த நோட்டை மறுப்பது கஷ்டம்.

முன்பணத்தையும் விடவில்லை. 4,000-தான் வாங்கினேன் என்று சாதித்தான். டைரியில் பின்பக்கம் 'ஸ்வெட்டர் 1,000' என்று இருந்தது. குளிர் தாங்காமல் கொடைக்கானலில் வாங்கிக்கொண்டது. அவர்கள் எழுதிய 5,000-தான் சரி. நம் பக்கத் தப்பை நாமே முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால், மற்றதைப் பேசும்போது எதிராளி காது கொடுப்பார்.

அந்த அம்மாவுக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் அதிகம். "கேட்டா அடுத்த படத்துக்குக் கூப்பிடாமப் போயிட்டா?" அது நியாயமான பயம். அன்றாடக் கூலிக்காரனுக்கு அடுத்த அழைப்புதான் பென்ஷன். 1981-ஆம் ஆண்டின் சினிமாத் தொழிலாளர் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்றுதான் சொன்னது. அவனிடம் அப்படி ஒரு தாளும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. ஆகவே சட்டம் பேசாதே, நாள்வாரித் தாளை மட்டும் கொடுத்து "அண்ணே, இதை ஒரு தடவை ஒத்துப் பாருங்க" என்று சொல், தனியாகப் போகாமல் மூத்தவரோடு போ என்றேன்.

அன்று இரவு காரைக்கால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சில் இந்தக் கடைசிக் கணக்குக்கு 'சோல்த் து தூ கோந்த்' என்று பெயர். பாரீஸில் நாடக அரங்குகளில் விளக்கு வேலை செய்யும் என் தங்கை மகனும் நாள் கணக்கில்தான் பிழைக்கிறான். பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை காட்டினால்தான் அங்கே வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை. அதனால் அவனும் மணியை எழுதிவைக்கிறான். ஆனால் அங்கே அந்த ரசீதில் கையெழுத்துப் போட்டாலும், அதில் எழுதியுள்ள தொகைகளை மறுக்க ஆறு மாதம் அவகாசம் உண்டு. இங்கே நம் பையன் கையெழுத்துப் போட்டு வண்டி மலை இறங்கிவிட்டால், யாரைத் தேடிப் போவான்?

மறுநாள் மத்தியானம் வந்தான். பனி நாளையும் பயண நாட்களையும் மேனேஜர் உடனே ஒத்துக்கொண்டாராம். பூம்பாறை இரவுக்குக் கொஞ்சம் குரலை உயர்த்தியவர், ஜெனரேட்டர் நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தார். அதே இரவு வேலை பார்த்த மற்ற லைட்மேன்களுக்கும் அரை கால்ஷீட் கிடைத்தது. திரும்பும் நாள் பேட்டா மட்டும், வண்டியிலேயே சாப்பாடு போடுகிறோம் என்று கழித்துவிட்டார். 13,750-க்கு 13,500 கைக்கு வந்தது. 250 ரூபாய்க்காகச் சண்டை போட வேண்டாம் என்று மூத்தவர் சொன்னாராம். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த படத்துக்குக் கூப்பிட்டார்களா என்று கேட்பீர்கள். அந்தக் கம்பெனி கூப்பிடவில்லை. கூட இருந்த மூத்தவர் வேறொரு யூனிட்டுக்குக் கூட்டிப்போனார்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது புது டைரி ஒன்று காட்டினான். இப்போது மூன்று பத்தி போட்டிருக்கிறான்: வந்த நேரம், பேக்கப் சொன்ன நேரம், கேபிள் சுற்றி முடித்த நேரம்.