விழுந்தது எந்தக் குழியில்?

என் அண்ணன் மகளின் மிளகாய் நாற்றுகளைக் கொன்றது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தோட்டக்கலை படிக்கும் அவள் வாரநாள்களில் கல்லூரி விடுதியில் இருப்பாள். செய்முறைத் தேர்வுக்காக ஒரு தட்டு நாற்றை வீட்டில் வளர்த்து, 6 வாரத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எங்கள் மாவட்டத்தின் பெயரையே கொண்ட ‘குலாய்’ ரக மிளகாய்தான் விதைத்தாள். நீளவாக்கில் 13, அகலவாக்கில் 8 என்று 104 குழிகள் உள்ள தட்டு. குழிக்கு ஒரு விதை.

“நான் தண்ணி ஊத்துறேன், நீ கவலப்படாம போ” என்றேன். வானொலியில் எனக்குக் காலை நிகழ்ச்சி. பண்டார் தெங்காராவிலிருந்து விடியுமுன்னே ஜோகூர் பாருவுக்குக் கிளம்பினால், வேறு வேலைகளையும் முடித்துத் திரும்ப இருட்டிவிடும். அதனால் இரவு எட்டு மணிக்கு, குழாயைத் திறந்து தட்டு நனைய நனைய ஊற்றினேன். பாசத்துக்கு அளவு ஏது?

எட்டாவது நாள் 96 முளைகள் நின்றன. படம் பிடித்து அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் இரவு பார்த்தால், தட்டின் நடுவில் ஏழெட்டு நாற்றுகள் படுத்திருந்தன. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். இரண்டே நாளில் 41 நாற்றுகள் சாய்ந்துவிட்டன.

சனிக்கிழமை வந்த அவள் என்னைத் திட்டவில்லை. தட்டைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் வைத்துவிட்டு, “விழுந்தது எல்லாம் எங்க இருக்கு பாருங்க அத்தை” என்றாள். நடுவில் வட்டமாக வெறுமை. ஓரத்து வரிசைகள் நன்றாகவே நின்றன.

“தண்ணி பத்தாம போயிருந்தா ஓரம்தான் மொதல்ல வாடும். ஓரத்துக் குழியில காத்து படுது, சீக்கிரம் காயுது. இங்க நடு விழுந்திருக்கு. அப்படின்னா ஈரம்தான் காரணம்” என்றாள். விழுந்த ஒன்றை எடுத்துக் காட்டினாள். இலை இன்னும் பச்சை. ஆனால், தண்டு நார்த்தூளைத் தொடும் இடத்தில் மட்டும் நீர் கோத்து, நூல்போல மெலிந்திருந்தது. நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகள் ஈரத்தில் குழிக்குக் குழி பரவி வருவது. சாய்ந்த நாற்றை எழுப்ப மருந்து கிடையாது. அந்தக் குழிகளைத் தூளோடு எடுத்தெறிந்து, தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டத்தில் வைத்து, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தவறு என் குழாயில் மட்டும் இல்லை என்பது பேசப் பேசத் தெரிந்தது. தட்டு போன வருடத்துத் தட்டு. கொட்டகையில் கிடந்ததை வெறும் தண்ணீரில் அலசித்தான் விதைத்திருந்தாள். இரவு ஊற்றிய தண்ணீர், ஜோகூரின் புழுக்கத்தில் விடியும்வரை காயவே இல்லை. அழுக்குத் தட்டும் ஈர இரவும் சேர்ந்தன.

முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா அப்போது வாய் திறந்தார். தோட்டத்தில் செம்பனை நாற்றங்காலில் வேலை பார்த்தவர். “பெரிய பையில ஒரு வருசம் வரைக்கும் கன்னு நிக்கும். ஒரு நாள் கூடக் கொறைய ஊத்துனாலும் மண்ணு தாங்கும். இது என்னா, முட்டைக் கரண்டியளவு குழி. இதுல நீ செய்யிற தப்ப யாரு தாங்குவா?”

தேர்வுக்கு இன்னும் 28 நாள். மிளகாய் நாற்று நடவுக்குத் தயாராக 30, 35 நாள் ஆகும். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை என்று அன்றே மறுபடி தொடங்கினோம்.

துணி வெளுக்கும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, புதிதாக வாங்கிய தட்டையும்கூட அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தோம். அடுத்தது தேங்காய் நார்த்தூள். கட்டியாக வாங்கிய அதை ஊறவைத்ததும் தேநீர் நிறத்தில் சாறு இறங்கியது. சாறு தெளியும்வரை அலசினால் போதும் என்று நினைத்தேன். “நெறம் வேற, உப்பு வேற அத்தை” என்று பேனா மாதிரி ஒரு கருவியை நீட்டினாள். தென்னை நாரில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கும். அது அதிகமானால் விதைகள் ஏறுக்குமாறாக முளைத்து, இலை ஓரம் கருகும். நடு, ஓரம் என்றில்லாமல் தட்டு முழுக்க அந்தக் கோளாறு தெரியும். வடிந்த நீரின் மின்கடத்தும் அளவை அந்தக் கருவி காட்டியது. மூன்றாம் அலசலில் அது எங்கள் குழாய்த் தண்ணீரின் அளவுக்கு அருகில் வந்தது. அதன்பிறகே தூளை எடுத்தோம்.

கைப்பிடித் தூளைப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும், ஒழுகக்கூடாது. அந்தப் பதத்தில், அழுத்தாமல் நிரப்பினோம். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதை. மேலே கொஞ்சம் தூள். பிறகு பிளாஸ்டிக் தாளால் மூடி நிழலில் வைத்தோம்.

இந்த முறை எனக்குக் கிடைத்த உத்தரவு வேறு. ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தாளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் வெள்ளை வளைவுகள் தெரிந்ததும் தாளை எடுத்து, நிழல்வலைக்குக் கீழே வெளிச்சத்தில் வைத்துவிட வேண்டும். ஓரிரவு தாமதித்தாலும் தண்டு வெளிச்சத்தைத் தேடி நீண்டு மெலிந்துவிடும். அதைப் பிறகு குட்டையாக்க முடியாது.

தண்ணீர்ப் பொறுப்பு அம்மாவுக்குப் போனது. குனிய முடியாதவர் என்பதால் தட்டைக் கம்பிக் கட்டிலின் மேல் வைத்தோம். அடியில் காற்று போக அதுவும் நல்லதாயிற்று. காலை எட்டு மணிக்குப் பூவாளியில் ஊற்றுவார். தட்டின் ஒரு முனையைத் தூக்கி எடை பார்த்து, கனமாக இருந்தால் அன்றைக்கு இல்லை. ஓரத்து வரிசைக்கு மட்டும் ஒரு சுற்று கூடுதல். நார்த்தூளில் சத்து அநேகமாக எதுவும் கிடையாது. அதனால் முதல் உண்மை இலை விரிந்ததும், லிட்டருக்கு ஒரு கிராம் என்று நீரில் கரையும் சமச்சீர் உரத்தை வாரம் இருமுறை கொடுத்தோம். கடைசி ஐந்து நாள் தண்ணீரைக் குறைத்து, வெயில் நேரத்தைக் கூட்டினோம்.

தேர்வு நாளில் 89 நாற்றுகள் இருந்தன. நான்கு இலைதான், மற்றவர்களுடையதைவிடச் சிறியவை. தேர்வாளர் ஒன்றை இழுத்துப் பார்த்தாராம். வேர் தூளைப் பிடித்துக்கொண்டு, குழியின் வடிவத்திலேயே முழுதாக வந்ததாம். முதல் தட்டு ஏன் செத்தது என்று அவள் எழுதியிருந்த பக்கத்தைத்தான் அதிக நேரம் படித்தாராம். தேறிவிட்டாள். அந்தப் பக்கத்தில் என் பெயர் இல்லை. ‘இரவில் நீர் பாய்ச்சியது’ என்று மட்டும் இருந்தது.

மிச்ச நாற்றில் ஆறு எங்கள் பின்கட்டில் நிற்கின்றன. அவற்றுக்கும் அம்மாதான் தண்ணீர் ஊற்றுகிறார். இரவில் நான் குழாய்ப் பக்கம் போனால், உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்கிறது.