நான்கு எட்டு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பாகூரில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலை ஒட்டி என் மேசையைப் போட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன். பாடம் நடத்திக்கொண்டே குக்கர் விசிலை எண்ணலாம், பால் பொங்குகிறதா என்று பார்க்கலாம். கணவரின் மேசை மாடியில், கதவு சாத்திய அறையில் இருந்தது.

என் மேசையிலிருந்து முறுக்கு பாட்டிலுக்கு நான்கு எட்டு. ஊரடங்கு முடிந்த பிறகும் விடைத்தாள் திருத்துவதும் ஆய்வேடு படிப்பதும் அங்கேயே தொடர்ந்தன. கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். வாயைக் கட்டத் தெரியாதவள் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ஒரு வாரம், வாயில் போட்டதையெல்லாம் நேரத்தோடு குறித்துவைத்தேன். அதில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி: காலை 8.30, மகன் தட்டில் மிச்சம் வைத்த அரை இட்லி. 10.15, பால் காய்ச்சப் போனபோது இரண்டு முறுக்கு. 11.30, அடுப்பை அணைக்கப் போனபோது ஒரு கைப்பிடி மிக்சர். 2 மணி, பாத்திரம் ஒழிக்கையில் சட்டியின் அடியில் கிடந்த பொரியல், நின்றபடியே. 4 மணிக்கு மறுபடி மூன்று முறுக்கு.

படித்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. கடைசி முறுக்கைத் தவிர மற்ற எல்லாமே அடுத்தவர் வேலையாகப் போன இடத்தில் வாய்க்குள் போனவை. பகல் சாப்பாடு என்ற குறிப்பே அன்றைக்கு இல்லை.

அதனால் முதலில் சாப்பாட்டைச் சரிசெய்தேன். 1 மணிக்குத் தட்டு போட்டு, உட்கார்ந்து, மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடுவது. மிச்சத்தை உடனே சின்னக் கிண்ணத்துக்கு மாற்றி மூடுவது. அவரவர் தட்டை அவரவரே கழுவுவது. முறுக்கு கண்ணாடி பாட்டிலிலிருந்து எவர்சில்வர் டப்பாவுக்கு மாறி, முக்காலி போட்டால்தான் எட்டும் பரணுக்குப் போனது.

மேசையை வாசல் பக்க ஜன்னலுக்கு மாற்றியதுதான் கடினம். அப்படியானால் விசிலை யார் எண்ணுவது? அதற்கு இரண்டு நாள் சண்டை நடந்தது. கணவர் பொறுப்பெடுத்த முதல் வாரத்தில் பருப்பு இரண்டு முறை அடிப்பிடித்தது. வாசனை வந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

4 மணிப் பசி மட்டும் போகவில்லை. அது நிஜப் பசிதானா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். காலையில் சுட்ட, ஆறிப்போன இட்லி இப்போது இறங்குமா என்று கேட்டுக்கொள்வேன். இறங்குமென்றால் பசி. வேகவைத்த வேர்க்கடலையை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு மேசையை விட்டு எழுந்து போய்ச் சாப்பிடுவேன். முறுக்குதான் வேண்டுமென்றால், பெரும்பாலும் திருத்தி அலுத்த விடைத்தாள்தான் காரணம்.

தேர்வு மாதங்களில் இதெல்லாம் குலைந்துவிடும். முக்காலியில் ஏறியிருக்கிறேன். ஆனால் ஏறுகிறேன் என்று தெரிந்தே ஏறுகிறேன். சில நாள் வெறுங்கையோடு இறங்கிவிடுகிறேன், சில நாள் இரண்டு முறுக்கோடு.

அம்மா கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுவாள். அதைச் சாப்பாடு என்று எங்கள் வீட்டில் யாரும் கணக்கில் எடுத்ததில்லை. 1 மணிக்கு என் தட்டைப் போடும்போது அவள் நினைப்பு வருகிறது.