ஈரத்துணி மூக்குக்கு இல்ல, கதவுக்கு

போன மாசம் எங்க அபார்ட்மெண்ட் செக்ரட்டரி சார் ஒரு நோட்டீஸைக் கையில கொடுத்தார். லிஃப்ட் பக்கத்துல ரெண்டு வருஷமா ஒட்டியிருக்கிற தீ பாதுகாப்பு விதிகள். ரெண்டு பக்கம், 23 விதி. "டாக்டர் தம்பி, இதை ஒருத்தரும் படிக்கல. வாட்ஸப் குரூப்ல போடற மாதிரி ஒரு சின்ன வீடியோவுக்கு எழுதிக் கொடுங்களேன்"னார். அந்தச் சின்ன வீடியோவை எழுத எனக்கு மூணு வாரம் ஆச்சு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான த்ரெட்.

விதி 7 இப்படி இருந்துச்சு: "தீ விபத்து ஏற்படும் பட்சத்தில் குடியிருப்போர் பதற்றமடையாமல், மின்தூக்கியைத் தவிர்த்து, ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, படிக்கட்டு வழியாக உடனடியாக வெளியேற வேண்டும்."

படிக்கத் தப்பா ஒண்ணும் தெரியாது. எனக்கு மட்டும் ஒரு நைட் டூட்டி ஞாபகம் வந்துச்சு.

மூணாவது மாடியில குடியிருந்த ஒரு அம்மா. கீழே மாடிப்படிக்கு அடியில இருந்த ஈ.பி. மீட்டர் போர்டு எரிஞ்சிருக்கு. உதவிக்கு ஆள் கூப்பிடலாம்னு வீட்டுக் கதவைச் சாத்திட்டு, ஈரத்துண்டை முகத்துல கட்டிக்கிட்டு புகைக்குள்ள இறங்கியிருக்காங்க. ரெண்டாவது மாடி திருப்பத்துலயே விழுந்துட்டாங்க. தூக்கிட்டு வந்தப்ப உடம்புல ஒரு தீக்காயம் இல்ல. மூக்குத் துவாரத்துல கரி, குரல் கம்மல், பேச்சுல குழப்பம். விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டுது!

அந்த 98 பொய். புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஈரத்துணி கரித்தூளைக் கொஞ்சம் தடுக்கும், ஆனா இந்த வாயு அது வழியா அப்படியே உள்ளே போயிடும். துணி கட்டியிருக்கோம்கிற தைரியத்துலதான் நிறைய பேர் புகைக்குள்ள இறங்கறாங்க.

அந்த அம்மாவுக்கு மாஸ்க் வழியா முழு ஆக்சிஜன் கொடுத்தோம், பிழைச்சுட்டாங்க. அவங்க வீட்டுக்குள்ளே படுத்த படுக்கையா இருந்த மாமனாரைத் தீயணைப்பு வீரர்கள் தூக்கிட்டு வந்தாங்க. அவருக்கு இருமல் கூட இல்ல. நடுவுல இருந்தது ஒரு மூடின கதவு, அவ்வளவுதான்.

2022 ஜனவரி 9 அன்னிக்கு நியூயார்க்ல, பிராங்க்ஸ் பகுதியில ஒரு 19 மாடிக் கட்டடத்துலயும் கதவுதான் பிரச்சனை. ஒரு வீட்டு ரூம் ஹீட்டர்ல ஆரம்பிச்ச தீ, அந்த வீட்டையும் வெளி வராண்டாவையும் தாண்டிப் பெருசாப் பரவல. ஆனா 17 பேர் புகையில இறந்தாங்க. தீப்பிடிச்ச வீட்டுக்காரங்க வெளியே ஓடினப்ப அந்தக் கதவு தானா மூடியிருக்கணும், மூடல. மேலே 15வது மாடியில படிக்கட்டுக் கதவும் திறந்து கிடந்துச்சு. படிக்கட்டு முழுக்கப் புகைபோக்கி ஆயிடுச்சு.

நம்ம ஊர் நாலு மாடி, அஞ்சு மாடிக் கட்டடங்கள்ல பெரும்பாலும் ஒரே படிக்கட்டுதான். அதுக்குக் கீழேதான் மீட்டர் போர்டு, அதை ஒட்டித்தான் பார்க்கிங்கும் சார்ஜ்ல நிக்கிற ஸ்கூட்டரும். தீ கீழே ஆரம்பிச்சா "உடனே படியில இறங்கு"ங்கற விதி நம்மளைப் புகைபோக்கிக்குள்ளதான் அனுப்பும். இது பாதி நேரம் மட்டும் சரியான விதி. அந்த மீதிப் பாதியைச் சொல்றதுதான் வீடியோவோட வேலைன்னு புரிஞ்சுது.

முதல் டிராஃப்ட்ல ஒன்பது விஷயம் எழுதினேன். எட்டு பேர்கிட்ட காட்டிட்டு, ஒரு வாரம் கழிச்சு ஒரே கேள்வி கேட்டேன்: "ராத்திரி ரெண்டு மணி. கதவைத் திறக்கறீங்க. படியில கரும்புகை. என்ன பண்ணுவீங்க?" ஆறு பேர் சொன்ன பதில், "ஈரத்துணி கட்டிக்கிட்டு கீழே ஓடுவேன்." என் வீடியோவைப் பார்த்த பிறகும்! அதுல நானே எழுதியிருந்தேன், "ஈரத்துணியை நம்பாதீர்கள்"னு. 'நம்பாதீர்கள்' மறந்து போச்சு, ஈரத்துணி மட்டும் தங்கிடுச்சு.

அதனால மூணு மாத்தினேன். செய்யாதேன்னு சொன்ன இடத்துல எல்லாம் என்ன செய்யணும்னு மாத்தினேன். "பதற்றமடையாமல்"னு இருந்ததை எடுத்துட்டேன், அதைக் கையால செஞ்சு காட்ட முடியாது. தீயணைப்பான், கேஸ் கசிவு, எண்ணெய்ச் சட்டி தீ மூணையும் தனி வீடியோவுக்கு ஒதுக்கிட்டேன். மிஞ்சினது ஒரே கேள்வி: தீ எங்கே?

கடைசியா ஷூட் பண்ணின ஸ்கிரிப்ட், 70 விநாடி:

காட்சி 1. சமையலறையில தீ. குரல்: "தீ உங்க வீட்டுலயா? எல்லாரும் வெளியே. கதவைச் சாத்து." கை கதவை இழுத்துச் சாத்தும், பூட்டாது. "பக்கத்துக் கதவைத் தட்டு. படியில இறங்கு. கீழே போய் 101."

காட்சி 2. ராத்திரி, வெளியே சத்தம். "தீ வெளியேயா? புறங்கையால கதவைத் தொடு. சூடா இருந்தா திறக்காம உள்ளேயே இரு. சூடு இல்லன்னா ஒரு விரல் அளவு திற, படியைப் பார்."

காட்சி 3. படி தெளிவா இருக்கு. "புகை இல்ல? கதவைச் சாத்திட்டு இறங்கு."

காட்சி 4. படியில புகை. "புகை இருக்கா? உள்ளே வா. கதவைச் சாத்து." ஈரத்துண்டு கதவு இடுக்குல போகும். "ஈரத்துணி மூக்குக்கு இல்ல, கதவுக்கு."

காட்சி 5. தெருப்பக்க பால்கனி. "தெரு தெரியற ரூமுக்குப் போ. அந்தக் கதவையும் சாத்து. 101 கூப்பிட்டு, எத்தனாவது மாடி, எந்தப் பக்கம்னு சொல்லு. துணியை ஆட்டு."

"சாத்து" அஞ்சு காட்சியில நாலுல வருது. வேணும்னுதான் போட்டேன்.

மறுபடி வேற எட்டு பேர், ஒரு வாரம் கழிச்சு அதே கேள்வி. ஏழு பேர் "உள்ளே வந்து சாத்திடுவேன்"னாங்க. முதல் மாடி மாமி, "துணி கதவுக்குத்தானே டாக்டர்?"னு என்கிட்டயே திருப்பிக் கேட்டாங்க. எட்டாவது ஆள் மொட்டை மாடிக்கு ஓடுவேன்னார். புகை மேலேதான் போகும், எங்க மொட்டை மாடிக் கதவு ராத்திரி பூட்டியும் இருக்கும். அதனால காட்சி 4ல, புகை படியேறி மேலே போறதைக் காட்டற ஒரு ஷாட் சேர்த்தோம்.

இதுக்கும் எல்லை இருக்கு. சாதா மரக்கதவு நேரம் வாங்கித் தரும், ரொம்ப நேரம் இல்ல. அதான் உள்ளே இன்னொரு கதவையும் சாத்தச் சொல்றோம். வெளியே இருந்து ஜன்னல் வழியா புகை வந்தா அந்த ஜன்னலை மூடிட்டு வேற பக்கம் போகணும். வீட்டுக்குள்ளே தீ வந்துட்டா உள்ளேயே இருக்கறதுங்கற பேச்சே இல்ல.

ஷூட்டிங் அன்னிக்குத்தான் இன்னொண்ணு தெரிஞ்சுது. காட்சி 1 எடுக்கப் போனா, அந்த வீட்டுக்காரருக்கு கிரில் கேட் சாவியைத் தேட ரெண்டு நிமிஷம் ஆச்சு, அதுவும் பட்டப்பகல்ல. இப்போ எங்க 18 வீட்டுலயும் கதவுக்குப் பக்கத்துல, குழந்தைக்கும் எட்டற உயரத்துல, சாவிக்கு ஒரு ஆணி அடிச்சிருக்கு. மீட்டர் போர்டுக்கு அடியில கிடந்த பழைய பேப்பர் கட்டையும் அன்னிக்கே எடைக்குப் போட்டாச்சு.

இன்னிக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி விளக்கை அணைச்சுட்டு உங்க கேட் சாவியை எடுத்துப் பாருங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கீழே எழுதுங்க.