மூன்று வரியில் ஒரு பிள்ளை

போன தவணையின் கடைசி வாரம், இரவு ஒன்பது மணிக்கு அக்கா கூப்பிட்டார். "தம்பி, நீதானே வானொலியில ரெண்டு நிமிஷ சேதிய மூணு வரியில சொல்றவன். கொஞ்சம் வந்துட்டுப் போடா." கெலுகோரில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு அடுத்ததுதான் என்னுடையது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி போதிக்கிறார். சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தேர்ச்சி அறிக்கைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைக்கு மூன்று வரி இடம். முதல் பத்துப் பேருக்கும் ஒரே வாசகம்தான்: "நன்று. மேலும் முயற்சி செய்க."

"அக்கா, இதுல பேரை மாத்தி ஒட்டினா யாருக்கும் பொருந்துமே" என்றேன். "கணிதத்துக்கு மதிப்பெண் இருக்கு. ஓடுறதுக்கும் குதிக்கிறதுக்கும் என்னத்தடா எழுதறது?" என்றார்.

எனக்குச் சட்டென்று என் ஐந்தாம் ஆண்டு அறிக்கை நினைவுக்கு வந்தது. உடற்கல்விக்கு நேரே 'சோம்பல் அதிகம்' என்று எழுதியிருந்தார்கள். அம்மா அதை விருந்தாளிகள் முன்னால் வாசித்தார். இரண்டு சுற்று ஓடினால் எனக்கு நெஞ்சு அடைக்கும், இருமல் வரும். நின்றுவிடுவேன். அது ஆஸ்துமா என்று தெரிந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. 'ஓடும்போது இருமுகிறார்' என்று அந்த ஆசிரியர் எழுதியிருந்தால் அம்மா அன்றைக்கே மருந்தகத்துக்கு அழைத்துப் போயிருப்பார். கண்ணால் கண்டதை எழுதாமல், அதற்கான காரணத்தை அவரே முடிவு செய்து எழுதிவிட்டார். அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் பேசாமல் தேநீர் ஊற்றி வைத்தார்.

அப்புறம் ஒரு பிள்ளையிலிருந்து தொடங்கினோம். மூன்றாம் ஆண்டு மாணவி. அடைவு நிலை 3 என்று இருந்தது. நம் பள்ளிகளில் இந்த நிலை 1 முதல் 6 வரை போகிறது. ஆறுக்கு மூன்று என்றதும் பெற்றோர் பாதி மதிப்பெண் என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். உண்மையில் மூன்றாம் நிலை என்றால், பிள்ளைக்கு அந்தத் திறன் தெரியும், புரியும், செய்தும் காட்டுகிறது என்று பொருள். அது தோல்வி இல்லை. எண்ணை மட்டும் அனுப்பினால் இது யாருக்கும் விளங்காது.

"இந்தப் பிள்ளை திடல்ல என்ன பண்ணுது? எனக்குப் படம் தெரியிற மாதிரி சொல்லுங்க" என்றேன். அக்கா எழுந்து நின்று காட்டினார். பந்தைத் தலைக்கு மேலிருந்து எறியும்போது, வலது கையால் எறிகிற பிள்ளை வலது காலையே முன்னால் வைக்கிறாள். அப்படி வைத்தால் இடுப்பு திரும்பாது. கையின் பலம் மட்டும்தான் பந்துக்குப் போகும், பந்து பக்கத்திலேயே விழுந்துவிடும். எதிர்க்காலை வைத்தால் உடம்பே சேர்ந்து எறியும். ஆனால், நேராகப் பார்த்து எறிவதில் அவளுக்கு இணை இல்லை.

"இதையே எழுதுங்கக்கா" என்றேன். எழுதியது இது: "குறி பார்த்து எறிவதில் கெட்டிக்காரி. எறியும்போது இடது காலை முன்வைத்தால் பந்து இன்னும் தூரம் போகும். வீட்டில் சுருட்டிய காலுறையைச் சுவரில் எறிந்து தினமும் பத்து முறை பழகலாம்."

முதல் வரி பிள்ளையால் முடிவது. இரண்டாவது, அடுத்துச் செய்ய வேண்டிய ஒன்று. ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது, வீட்டில் செய்யக்கூடியது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் அப்பாவிடம் தினமும் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள் என்றால் அது அவருக்குக் குற்றப்பத்திரிகை. காலுறை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. தொலைக்காட்சியும் உடையாது.

அடுத்தவன்தான் அக்காவுக்குக் கவலை. நான்காம் ஆண்டு மாணவன், பருத்த உடம்பு. 'உடல் எடையைக் குறைக்க வேண்டும்' என்று எழுதி, அழித்து, மறுபடியும் எழுதியிருந்தார். நான்காம் ஆண்டிலிருந்து பிள்ளைகளுக்குச் செகாக் உடல் தகுதிச் சோதனை உண்டு. அதில் ஒரு பகுதி, 30 சென்டிமீட்டர் உயரப் பலகையில் 3 நிமிடம் ஏறி இறங்குவது. நிமிடத்துக்கு 96 தட்டு வரும் தாளத்துக்கு ஏற, ஏற, இறங்க, இறங்க என்று காலை மாற்ற வேண்டும். நான்கு தட்டுக்கு ஒரு சுற்று, ஆக நிமிடத்துக்கு 24 சுற்று. இவன் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உட்கார்றதுக்கு முன்னாடி என்ன பண்ணினான்?" என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். "தாளத்தைக் கேக்காம வேகமா ஏறினான். முதல் நிமிஷத்துலயே எல்லாரையும் முந்திட்டான்."

அப்படியானால் எழுத வேண்டியது எடை இல்லை, வேகம். எடை அவன் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேகத்தை அக்கா மட்டும்தான் பார்த்தார். என் தொழிலில் பாட்டின் தாளத்தை எண்ணுவது பழகிய வேலை. அந்த நடையிலுள்ள பாட்டு நிறையக் கிடைக்கும். இப்படி எழுதினோம்: "துணிச்சலோடு தொடங்குகிறார். தாளத்தை முந்தி ஏறுவதால் சீக்கிரம் களைக்கிறார். மிதமான நடையுள்ள பாட்டைப் போட்டு, வீட்டு மாடியின் கீழ்ப்படியில் தினமும் ஒரு நிமிடம் ஏறி இறங்கலாம். சிரமமில்லாமல் முடிந்தால் நேரத்தைக் கூட்டலாம்." வரி கொஞ்சம் கூடிவிட்டது. 'துணிச்சலோடு தொடங்குகிறார்' என்பதை வெட்டலாமா என்றார். வேண்டாம் என்றேன். அந்த வரிக்காகத்தான் அவன் மீதியைக் கேட்பான். 'தினமும்' என்பதை எடுத்தோம்.

ஒவ்வொன்றையும் நான் சத்தமாக வாசித்தேன். எழுதும்போது நன்றாகத் தெரிவது வாயில் வரும்போது சுடும். அறிக்கையை அம்மாவோ அப்பாவோ பிள்ளையை எதிரில் நிறுத்தித்தான் வாசிப்பார்கள். 'மற்றவர்களைவிட மெதுவாக' என்ற இடத்தில் எனக்கே குரல் இறங்கியது. அக்கா அதை 'போன தவணையைவிட' என்று தொடங்கி மாற்றினார்.

பதினேழாவது பிள்ளையில் சிக்கிக்கொண்டோம். அக்காவுக்கு அந்த மாணவியின் முகம் தெரிகிறது, ஆனால் திடலில் அவள் என்ன செய்தாள் என்று ஒன்றும் நினைவில்லை. ஆர்ப்பாட்டம் செய்கிறவனும் முதலில் வருகிறவனும் கண்ணில் படுகிறார்கள். நடுவில் இருக்கிற பிள்ளை படுவதில்லை. அப்படிப்பட்ட ஒன்பது பேர் இருந்தார்கள். கற்பனையாக எழுத அக்காவுக்கு மனம் வரவில்லை. மறுநாள் உடற்கல்வி நேரத்தில் அந்த ஒன்பது பேரை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தார். இந்தத் தவணை சட்டைப் பையில் சின்னக் குறிப்பேடு வைத்திருக்கிறார். ஒரு பாடவேளைக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வரி.

உடல்நலம் பற்றியும் ஒரு வரையறை வைத்துக்கொண்டார். நோயின் பெயர் சொல்வது ஆசிரியர் வேலை இல்லை. மூச்சு வாங்கியது, கால் வலிக்கிறது என்றான், தூரத்தில் வரும் பந்து தெரியவில்லை என்றாள் என்று கண்டதையும் கேட்டதையும் சொல்லி, மருத்துவரிடம் காட்டும்படி கேட்டுக்கொள்வார். அதையும் அறிக்கை நாள் வரை தள்ளிப் போடாமல் அன்றே தொலைபேசியில்.

அறிக்கை கொடுத்த நாளில், காலுறைப் பிள்ளையின் அப்பா அக்காவைத் தேடி வந்தாராம். வகுப்பாசிரியரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறவர், அன்றைக்கு நின்று கேட்டிருக்கிறார்: "டீச்சர், தம்பிக்காரனும் சேர்ந்து எறியறான். அவன் இடது கைப் பழக்கம். அவனுக்கு எந்தக் கால்?"

"வலது கால்" என்று அக்கா சொல்லி அனுப்பினாராம்.