மாவு சொல்லும் நாள்

கும்பகோணத்தில் வீட்டிலேயே அதிரசம் செய்து விற்கும் ஓர் அக்காவின் அடுப்படியில் ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை காலை ஒரு வளைகாப்புக்கு நூறு அதிரசம் கேட்டிருந்தார்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 40 வரும் என்பது அவர் கணக்கு. அதனால் இரண்டரைக் கிலோ மாவு பச்சரிசி ஊறிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி நேரம் ஊறியதும் வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்பினார். அரிசியைக் கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த நிலையில் அரைத்துச் சலித்துக்கொண்டார். பிறகு வெல்லப்பாகு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் மெதுவாக உருட்டிப் பார்த்தார். உருண்டை வந்தது, ஆனால் கல் போல் இல்லை. உடனே அடுப்பை அணைத்து, ஏலக்காயும் சுக்கும் போட்டு, மாவைத் தூவிக் கிளறினார். பாகு இளசாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், முற்றினால் பல்லுக்கு அடங்காது. அதனால் சுடுகிற அன்று முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தட்டுவார்.

மாவை நெய் தடவிய பானையில் அழுத்தி, துணியால் வாய் கட்டி ஓரமாக வைத்தார். வெள்ளிக்கிழமை காலை வரை அதைத் தொட மாட்டார். அரிசி மாவு பாகை உள்ளே இழுத்து இறுக அந்த நாட்கள் வேண்டும்.

நான் மறுநாளும் போயிருந்தபோது ஒருவர் தொலைபேசியில், அதே சனிக்கிழமைக்கு இன்னும் ஐம்பது கேட்டார்.

“மாவு ரெண்டு ராத்திரிதாங்க இருக்கும். நான் தர மாட்டேன். ரவா லட்டு வேணா பண்ணித் தரேன்” என்றார் அக்கா.

கூடுதல் காசு தருவதாகச் சொல்லியும் அவர் மசியவில்லை. அந்த மறுப்பில்தான் அவர் தொழில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சுட்டு, எண்ணெயை அழுத்தி வடித்து, காகிதத்தில் பரப்பி மாலை வரை ஆறவிட்டார். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். ஆறவைத்தது ஒரு வாரம் தாங்கும் என்பதால், சென்னைக்கும் கூரியரில் அனுப்புகிறார்.

தேங்காய்ப் போளிக்கு வழக்கம் வேறு.

“பூரணத்துல ஈரம் இருக்கு தம்பி. மறுநாள் சாயங்காலமே வாடை வந்துடும்” என்றார். அதனால் ஸ்கூட்டரில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் வீடுகளுக்கு மட்டும், சுட்ட அன்றே கொடுக்கிறார்.

அதிரசம் வேண்டுமென்றால் ஐந்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். போளி வேண்டுமென்றால், வாங்கிய அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.