அந்த 295 ரூபாய்

போன பிப்ரவரியில் ஒரு காலை, என்னவர் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், "இன்ஷூரன்ஸ் ரசீது நாலையும் எடுத்து வை. வருமான வரிக்குக் கொடுக்கணும்" என்றார். ஃபைலைப் பிரித்தால் மூன்றுதான் இருந்தது. "ஒண்ணைக் காணோமே!" என்றேன். "பேங்கிலேயே தானா பிடிச்சுக்கறாங்க. நல்லாத் தேடிப் பாரு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தேடிப் பார்த்தேன். இல்லை. சரி, பணம் போனதற்காவது அடையாளம் இருக்கும் என்று பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு, பாலிசிப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்திரத்தின் முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கிறதே, அதை அன்றுதான் நிதானமாகப் படித்தேன். 2019 அக்டோபர் 28-ல் ஆரம்பித்த பாலிசி. தொகை 5 லட்சம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 6,000 ரூபாய், 20 வருஷம் கட்ட வேண்டும். ஆக, கெடு ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் 28-ம் தேதி.

ஸ்டேட்மென்டில் 2025 ஏப்ரலில் 6,135, ஜூலையில் 6,135, அக்டோபரில் 6,000 என்று இருந்தது. இதென்ன, கூடக் குறையப் பிடித்திருக்கிறார்களே என்று முதலில் திகைத்தேன். ரசீதைப் பார்த்ததும் புரிந்தது. முன்பெல்லாம் பிரீமியத்தின் மேல் இரண்டே கால் சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, 6,000-க்கு 135 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். கணக்கு சரிதான்.

ஆனால் ஜனவரி 28-ல்? 6,000 இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக 295 ரூபாய் கழித்து, 'ஏ.சி.ஹெச். டெபிட் ரிட்டர்ன் சார்ஜ்' என்று எழுதியிருந்தது. முந்தின நாள் மாமியாரின் கண் ஆபரேஷனுக்குப் பணம் எடுத்திருந்தோம். கணக்கில் மீதி 5,780. குறைந்தது 220 ரூபாய்தான்! பணம் போதாததால் பிரீமியம் திரும்பிப் போய்விட்டது. அதற்கு அபராதம் 250, அதன் மேல் வரி 45. சில்லறைத் தொகையாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

அன்றைக்குத் தேதி 19. மூன்று மாதத் தவணைக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு என்று பத்திரத்திலேயே இருந்தது. விரல் விட்டு எண்ணினேன், பிப்ரவரி 27 வரை. அப்பாடா!

அதையும் விட்டிருந்தால்? அதுவரை கட்டியது 25 தவணை. கட்ட வேண்டியது மொத்தம் 80. பாலிசி அப்படியே நின்றுபோனால், 5 லட்சம் என்பது அந்த விகிதத்துக்குச் சுருங்கி 1,56,250 ஆகிவிடும். பிறகு புதுப்பிக்கலாம்தான், ஆனால் வட்டி கட்டணும், உடல்நலம் பற்றி எழுதிக் கொடுக்கணும். இவருக்கோ இப்போது சர்க்கரை வேறு.

உடனே போன் செய்து, "மறுபடியும் பேங்கில் பிடிப்பீர்களா, நாங்களே கட்டணுமா?" என்று கேட்டேன். கேட்காமல் கட்டினால் இரண்டு தடவை போய்விடுமே! இந்தத் தவணையை நீங்களே கட்டிவிடுங்கள், ஏப்ரல் தவணை வழக்கம்போல் பிடிக்கப்படும் என்றார்கள். அன்று மாலையே கட்டி, ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கியது.

இப்போது பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். முதலில் பத்திரத்தில் உள்ள கெடு தேதி. அடுத்து பேங்கில் பிடித்த தேதியும் தொகையும். மூன்றாவது ரசீது எண். கடைசியில் ரசீதில் போட்டிருக்கும் 'அடுத்த கெடு'. இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். அது அடுத்த வரியின் கெடு தேதியோடு ஒத்துப்போனால், கட்டிய பணம் சரியான தவணைக்குத்தான் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய தேதியிலேயே நின்றால், நடுவில் ஒரு தவணை விட்டுப்போயிருக்கிறது.

ரசீதின் தேதி பணம் பிடித்த தேதியிலிருந்து ஓரிரு நாள் தள்ளி இருக்கலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம். எந்தக் கெடுவுக்கு என்று போட்டிருக்கிறதோ, அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாக, "கணக்கில் 6,000-க்கு மேல் இருக்கா?" என்று இவரைக் கேட்டுவிடுகிறேன். "தானா பிடிச்சுக்கறாங்க" என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை. பேசாமல் பார்த்துச் சொல்கிறார்!