மூணு வேளை ஒண்ணு

எங்க ஊர்ப்பக்கம் மருந்துச் சீட்டுன்னா மாத்திரை பேரு, பக்கத்துல 1-1-1. காலை, மத்தியானம், ராத்திரி ஒண்ணு ஒண்ணுன்னு அர்த்தம். எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, எத்தனை நாளைக்கு, ஒண்ணும் இருக்காது. பூச்சி மருந்து வாங்கப் போனா மட்டும் டேங்குக்கு எத்தனை மில்லின்னு ரெண்டு தரம் கேப்போம்.

போன வருஷம் நடவு சமயத்துல எங்க பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. டாக்டர் எழுதுனது டைக்குளோஃபினாக் 1-1-1. அவர் மனசுல இருந்தது 50 மில்லிகிராம். மூணு வேளைக்கு 150. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு அதான் உச்ச அளவு. கடையில குடுத்தது 100 எஸ்.ஆர். அது மெதுவா கரையுற மாத்திரை, வழக்கமா நாளுக்கு ஒண்ணுதான். பெரியப்பா மூணு போட்டாரு. ஆக 300, ரெட்டிப்பு. கடைப் பையனையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது, சீட்டுல 50ன்னு இல்லையே.

அடுத்தது சாப்பாடு. அவரு விடியக்காலம் ஒரு டீயோட மாத்திரையப் போட்டுட்டு வயலுக்குப் போயிருவாரு. வலியை உண்டாக்குற சங்கதியேதான் வயித்து உள்தோலையும் காப்பாத்துது, சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தையும் பாத்துக்குது. இந்த மாத்திரை எல்லாத்தையும் சேத்து அடக்கிடும். சாப்பிட்டுட்டுப் போட்டா எரிச்சல் குறையும், ஆனா அளவு கூடிட்டா சோறு காப்பாத்தாது. வெயில்ல தண்ணி குடிக்காம வேலை செஞ்சா சிறுநீரகத்துக்கும் கேடு.

நாள் கணக்கும் சீட்டுல கிடையாது. பத்து மாத்திரை அட்டை மூணு நாள்ல தீந்துச்சு, அதே சீட்டைக் காட்டி இன்னொரு அட்டை. அப்புறம் மூணாவது. எட்டாம் நாள் வெளிக்குப் போனப்ப தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு, ஒரு மாதிரி நாத்தத்தோட போயிருக்கு. சத்து மாத்திரை (அதான் இரும்புச் சத்து) போட்டாலும் கறுப்பாப் போகும்னு பெரியம்மா சொன்னாங்க. நெசந்தான், ஆனா பெரியப்பா அதைப் போடலை. எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். வயித்துல புண்ணு, ரத்தக் கசிவு. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க.

அங்க இருந்த டாக்டரம்மா முதல்ல கேட்டது சீட்டை இல்ல, அட்டையை. நல்லவேளை, பெரியம்மா தூக்கிப் போடாம பையில வச்சிருந்தாங்க. அந்த 100 எஸ்.ஆர். எழுத்தைப் பாத்ததும் அவங்களுக்கு விஷயம் புரிஞ்சிருச்சு. இனி இந்த வகை வலி மாத்திரையே கூடாதுன்னுட்டாங்க.

இப்ப வலிக்கு அவருக்கு எழுதிக் குடுத்திருக்கிறது: பாராசிட்டமால் 500 மி.கி., காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பிறகு, 5 நாள். போன வாரம் கடையில 650 எடுத்து நீட்டினாங்க. பெரியப்பா கண்ணாடியப் போட்டு அட்டையப் படிச்சுப் பாத்துட்டு, "தம்பி, இது 500 இல்லையே"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.